பால் பெட்டி ஏன் பழைய பேப்பரோடு சேர்ந்து கரைவதில்லை

"பால், ஜூஸ் வருகிற பெட்டியும் அட்டைதானே? அதைப் பழைய பேப்பரோடு போடக் கூடாது என்கிறார்கள். அதைக் கூழாக்க மட்டும் தனி ஏற்பாடு எதற்கு?"

பழைய பேப்பரோடு போட்டால் அதில் இருக்கும் நல்ல நார் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும், அதனால்தான். பேப்பர் மறுசுழற்சியில் முக்கியமான வேலையைச் செய்வது தண்ணீர். பேப்பர் ஊற வேண்டும், நார் நாராகப் பிரிய வேண்டும், கூழாக வேண்டும். பால் பெட்டியோ, தண்ணீர் நாரைத் தொடவே கூடாது என்று செய்யப்பட்ட பொருள். செய்தித்தாள் சில நிமிடங்களில் கரைந்துவிடுகிற தொட்டியில் இந்தப் பெட்டியைப் போட்டால், அதே நேரம் முடியும்போது ஓரம் மட்டும் ஊறிய துண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆலை அதைக் கழிவு என்று வெளியே தள்ளிவிடும். நான் பேப்பர் ஆலையில் கூழ்ப் பிரிவில் பல வருடம் இருந்தவன். இந்தத் துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் பிளாஸ்டிக், ஒரு பக்கம் வெள்ளி நிறத் தாள், நடுவில் கொஞ்சமும் கலையாத வெள்ளை நார். பார்க்கவே மனது கேட்காது.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். குளிர்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிற பால், ஜூஸ் பெட்டியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். வெளியிலிருந்து உள்ளே போனால் முதலில் மெல்லிய பாலித்தீன். அதன் கீழே அச்சடித்த அட்டை. அப்புறம் மறுபடி பாலித்தீன், அதன் பிறகு அலுமினியத் தாள், அதற்கும் உள்ளே இரண்டு பாலித்தீன் அடுக்குகள். எடைக் கணக்கில் சுமார் 75 சதவீதம் அட்டை, 20 சதவீதம் பாலித்தீன், 5 சதவீதம் அலுமினியம். ஒரு லிட்டர் பெட்டி ஏறக்குறைய 30 கிராம் இருக்கும் என்று வைத்தால், அதில் 22 கிராம் அட்டை, 6 கிராம் பாலித்தீன், அலுமினியம் வெறும் ஒன்றரை கிராம். அந்த அலுமினியத் தாளின் தடிமன் சுமார் 6 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். காற்றையும் வெளிச்சத்தையும் தடுப்பதற்கு அதுவே போதும்.

குளிர்பெட்டியில் வைத்து விற்கும், மேலே கூரை மாதிரி மடிந்த பால் பெட்டிகளில் பெரும்பாலும் அலுமினியம் இருக்காது. அட்டையின் இரு பக்கமும் பாலித்தீன் மட்டும். பெட்டியை வெட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: உள்பக்கம் வெள்ளியாக மின்னினால் அலுமினியம் உள்ளது, வெள்ளையாக இருந்தால் இல்லாதது. கூழாக்குவதில் இரண்டுக்கும் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான்.

அந்தச் சிக்கலை வீட்டிலேயே பார்க்கலாம். காலிப் பெட்டியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். பக்கத்தில் அதே அளவு செய்தித்தாள் ஒன்றையும் போடுங்கள். செய்தித்தாள் உடனே நனைந்து தொய்ந்துவிடும். பெட்டித் துண்டு அப்படியே இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், வெட்டிய நான்கு ஓரமும் மட்டும் லேசாக உப்பியிருக்கும். தண்ணீர் உள்ளே போக வேறு வழியே இல்லை. மேலும் கீழும் பாலித்தீன். திறந்திருப்பது வெட்டிய ஓரம் மட்டும். அந்த ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரை தண்ணீர் பொறுமையாக ஊர்ந்து போக வேண்டும்.

ஓரத்திலும் தடை இருக்கிறது. பால் பெட்டிக்கான அட்டையைச் செய்யும்போதே நாருக்குள் தண்ணீரை விலக்கும் மெழுகு போன்ற பொருளைக் கலக்கிறார்கள். இதற்கு சைஸிங் என்று பெயர். பெட்டியின் மடிப்பிலும் ஒட்டிலும் ஈரம் ஏறிவிடக் கூடாது என்பதற்காகச் செய்வது. சில வகை அட்டையில் இன்னொரு படி மேலே போய், ஈரமானாலும் நார் ஒன்றை ஒன்று விடாமல் பிடித்துக்கொள்ள ஒரு பிசினும் சேர்த்திருப்பார்கள். சாதாரண காகிதத்தில் நாரும் நாரும் ஹைட்ரஜன் பிணைப்பால் மட்டுமே ஒட்டியிருக்கும், தண்ணீர் பட்டால் அது விட்டுவிடும். இந்தப் பிசின் போடுகிற பிணைப்பு தண்ணீருக்கு விடாது. அப்படிப்பட்ட அட்டைக்குச் சூடும் நேரமும் கூடுதலாக வேண்டும், சில சமயம் ரசாயனமும் வேண்டும்.

இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் இதைப் பிரிக்க முடிகிறதே, அது எப்படி? பாலித்தீனும் அட்டையும் பசை போட்டு ஒட்டியவை அல்ல. உருகிய பாலித்தீனை மெல்லிய திரையாக அட்டையின் மேல் ஊற்றி, உருளைகளுக்கு நடுவே அழுத்துகிறார்கள். உருகிய பிளாஸ்டிக் அட்டையின் மேல்மட்டத்து நார்களைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆறிவிடும். அதாவது இது பெரும்பாலும் கைகோத்த பிடிப்பு. நாருக்குள் தண்ணீர் புகுந்து நார் உப்பினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும், லேசாகத் தேய்த்தாலே நார் கழன்று வரும். வீட்டுச் சோதனையைத் தொடர்ந்தால் இதையும் பார்க்கலாம். அந்தத் துண்டை ஒரு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் கட்டைவிரலால் தேய்த்தால் வெளிப்பக்கத் தோல் உரியும், அடியில் அட்டை மாவு மாதிரி கசங்கி வரும். ஆனால் பாலித்தீனையும் அலுமினியத்தையும் உரித்துப் பாருங்கள், வராது. அவை இரண்டுக்கும் நடுவே உலோகத்தோடு ஒட்டுவதற்கென்றே செய்த பிளாஸ்டிக் அடுக்கு இருக்கிறது. தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. ஆகவே கூழாக்குவதால் கிடைப்பது இரண்டே பொருள்: ஒன்று நார், இன்னொன்று பாலித்தீனும் அலுமினியமும் சேர்ந்த படலம். ஆலைகளில் இந்த இரண்டாவதை பாலிஆல் என்பார்கள்.

இனி தொட்டிக்கு வருவோம். பழைய அட்டைப் பெட்டிகளைக் கரைக்கும் சாதாரணப் பல்ப்பர் ஒரு பெரிய தொட்டி, அடியில் சுழலும் ஒரு விசிறி. அதில் 100 கிலோ கலவையில் 3 முதல் 5 கிலோதான் நார், மீதி தண்ணீர். ஒரு பக்கம் அட்டையைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள், கரைந்த கூழ் அடித்தட்டுத் துளைகள் வழியே இன்னொரு பக்கம் போய்க்கொண்டே இருக்கும். கரையாத நீளமான பிளாஸ்டிக், கம்பி, கயிறு எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு தடித்த வடமாக உருவாகும், அதை மெதுவாக மேலே இழுத்து வெளியேற்றுவார்கள். பால் பெட்டி இதில் விழுந்தால் ஊறுவதற்கு முன்பே அந்த வடத்தில் சிக்கிக்கொள்ளும். பாதி நார் ஒட்டியபடியே வெளியேறும். தப்பியவை விசிறியின் தட்டில் அடிபட்டுத் துண்டாகி, சிறு படலங்களாகக் கூழோடு போய் சல்லடைகளை அடைக்கும்.

ஒருமுறை எங்கள் ஆலையில் பழைய அட்டைக் கட்டுகளுக்கு நடுவே பால் பெட்டிக் கட்டு ஒன்று தவறிப்போய் ஏறிவிட்டது. பல்ப்பரில் யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் சுருளாகி வந்த காகிதத்தின் மேல் வெள்ளி மினுமினுப்பு, அங்கங்கே குண்டூசித் தலை அளவில். அலுமினியத் துகள். அச்சடிக்கிற காகிதத்தில் அது வரவே கூடாது. அந்தச் சுருள் முழுவதையும் திரும்பவும் தொட்டியில் போட வேண்டியதாயிற்று.

பால் பெட்டிக்கான முறையில் மூன்று விஷயம் மாறுகிறது. தொடர்ந்து கொட்டாமல், ஒரு நடைக்கு இவ்வளவு என்று அளந்து போட்டு, அது கரைந்து முடியும்வரை வைத்திருப்பார்கள். நேரம் சுமார் 20 நிமிடம், பிடிவாதமான அட்டைக்கு அதற்கும் மேல். தண்ணீரைக் குறைத்து, கலவையைக் கெட்டியாக வைப்பார்கள், 100 கிலோ கலவையில் 12 முதல் 18 கிலோ வரை பெட்டி இருக்கும். அடியில் தட்டையான விசிறிக்குப் பதில், நடுவில் உயரமாக நிற்கும் திருகு வடிவத் தண்டு சுழலும்.

இதில் கெட்டியாக வைப்பதுதான் நுட்பமான விஷயம், இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நீர்த்த கலவையில் துண்டுகள் தனித்தனியே மிதக்கும். அவற்றைப் பிரிக்க வேண்டுமானால் விசிறியின் தட்டு ஒவ்வொன்றையும் அடிக்க வேண்டும். அடித்தால் நார் பிரிகிறதோ இல்லையோ, படலம் கிழியும். கெட்டியான கலவை சப்பாத்தி மாவுக்கும் களிக்கும் நடுவில் இருக்கும். திருகுத் தண்டு அதைக் கீழே தள்ளும், ஓரங்களில் அது மேலே ஏறும், மறுபடி நடுவுக்கு வரும். இந்தச் சுழற்சியில் துண்டின் மேல் துண்டு உராய்கிறது. துணியைக் கையால் கசக்கித் துவைப்பது மாதிரி. கத்தரிக்கிற விசை குறைவு, தேய்க்கிற விசை அதிகம். அதனால் நார் கழன்று வந்துவிடும், படலமோ பெரிய துண்டாகவே முழுசாக நிற்கும். படலம் பெரிதாக இருந்தால்தான் அடுத்த கட்டத்தில் சல்லடையில் சுலபமாகப் பிரிக்க முடியும். தனியாகக் கூழாக்குவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்: நாரைக் கரைக்க வேண்டும், படலத்தை உடைக்கக் கூடாது.

ஒரு நடையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுத்தமான, உலர்ந்த பெட்டிகள் 1000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்டிக் கணக்கில் சுமார் 33,000 பெட்டிகள். இதை 15 சதவீதக் கெட்டியில் கரைக்க ஏறக்குறைய 5,700 லிட்டர் தண்ணீர் போதும். இதையே 4 சதவீதத்தில் செய்தால் 24,000 லிட்டர் வேண்டும். ஆகவே வெந்நீர் தேவைப்படும் அட்டைக்கும் சூடாக்க வேண்டிய தண்ணீர் குறைவு. வெந்நீர் என்றால் 40, 50 டிகிரி. அந்தச் சூட்டில் சைஸிங்கைத் தாண்டித் தண்ணீர் சீக்கிரம் உள்ளே போகும்.

இந்த 1000 கிலோவில் நார் 750 கிலோ, பாலித்தீன் 200, அலுமினியம் 50. இருபது நிமிடம் சுழன்றதும் தொட்டியில் தண்ணீர் விட்டு நீர்க்க வைத்து, துளையுள்ள தட்டின் வழியே கூழை வடிப்பார்கள். படலம் தட்டின் மேல் தங்கும். இப்போது நாரில் 90 சதவீதம் கீழே போனது என்று வைப்போம். 675 கிலோ நார் கிடைத்தது, 75 கிலோ படலத்தோடு நின்றுவிட்டது. பார்க்க நல்ல கணக்காகத் தெரியும். ஆனால் படலத்தின் பக்கமிருந்து பாருங்கள்: 250 கிலோ பிளாஸ்டிக்கும் அலுமினியமும், கூடவே 75 கிலோ நார். அதாவது அந்தக் குவியலில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு நார். இன்னொரு முறை தண்ணீர் பீய்ச்சிச் சுழல்சல்லடையில் அலசி, மொத்த மீட்பை 97 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் படலத்தில் மிஞ்சும் நார் 22, 23 கிலோதான், சுமார் 8 சதவீதம். இந்த இரண்டாவது அலசலை ஆலைகள் விடாமல் செய்வதற்குக் காரணம் அந்த 50 கிலோ நார் மட்டும் இல்லை. நார் ஒட்டிய படலம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பலகையோ பிளாஸ்டிக் மணியோ செய்ய அதை உருக்கும்போது ஈரம் ஆவியாகி பிளாஸ்டிக்குக்குள் குமிழியாகும், நார் கருகிப் பழுப்பாகும். அப்படி வருகிற பலகையும் மணியும் பலவீனமாக இருக்கும். நார்ப் பக்கத்துக் கவனக்குறைவு பிளாஸ்டிக் பக்கத்தில் போய்த் தெரியும்.

ஒரு நடை சரியாகக் கரைந்ததா என்று கருவி இல்லாமலே சொல்லலாம். தொட்டியிலிருந்து கொஞ்சம் கூழை எடுத்து, கண்ணாடிக் குடுவையில் நிறையத் தண்ணீரோடு கலந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடிப்போம். சீரான மேகம் மாதிரி இருந்தால் சரி. செதில் செதிலாக வெள்ளைத் துண்டு மிதந்தால் இன்னும் ஆகவில்லை. அடுத்து படலத் துண்டு ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்ப்போம். வழுவழுவென்று இருக்க வேண்டும். பஞ்சு மாதிரி சொரசொரப்பு தட்டினால் நார் மிச்சம் இருக்கிறது. நேரம் போதாதா, கலவை நீர்த்துப்போனதா என்பதைத் தொட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். கெட்டி சரியாக இருந்தால் மேற்பரப்பு மொத்தமாகப் புரண்டு நடுவை நோக்கி வரும். நீர்த்திருந்தால் சளசளவென்று தெறிக்கும், உராய்வே இருக்காது. கெட்டி மிஞ்சிவிட்டால் நடுவில் தண்டு மட்டும் சுழலும், சுவரோரத்துக் கலவை அசையாமல் நிற்கும். அங்கே இருப்பது எவ்வளவு நேரம் ஆனாலும் கரையாது.

நேரத்தை அளவுக்கு மீறி நீட்டினாலும் கெடுதல்தான். பாலித்தீன் வளைந்து கொடுக்கும், 6 மைக்ரான் அலுமினியம் அப்படியில்லை. திரும்பத் திரும்பக் கசங்கினால் நொறுங்கிப் பொடியாகும். அந்தப் பொடி எந்தத் துளையிலும் நுழைந்துவிடும். முன்னே சொன்ன வெள்ளி மினுமினுப்பு அதிலிருந்தும் வரும்.

சரி, இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் காஸ்டிக் சோடாவைத் தாராளமாகப் போட்டுச் சீக்கிரம் கரைக்கலாமே என்று தோன்றும். காரம் நாரை நன்றாக உப்ப வைக்கும், அட்டை சீக்கிரம் கரையும் என்பது உண்மை. ஆனால் இங்கே அலுமினியம் இருக்கிறது. வெட்டிய ஓரங்களிலும் மடிப்புக் கீறல்களிலும் அலுமினியம் வெளியே தெரியும், காரம் அதைத் தின்ன ஆரம்பிக்கும்.

```
2Al + 2NaOH + 6H2O → 2NaAl(OH)4 + 3H2
```

கடைசியில் இருக்கும் H2 ஹைட்ரஜன் வாயு. மூடிய தொட்டியிலோ குழாயிலோ அது சேர்ந்தால் ஒரு பொறி போதும். கரைந்த அலுமினியமும் தண்ணீரோடு சுற்றி மற்ற தொட்டிகளுக்குப் போகும். எனவே அலுமினியம் உள்ள பெட்டிகளை வெறும் தண்ணீரில், உராய்வை நம்பித்தான் கரைக்க வேண்டும். ஈரத்துக்கு விடாத பிசின் போட்ட, அலுமினியம் இல்லாத பெட்டிகளைத் தனியே பிரித்து வைத்திருந்தால், அவற்றுக்கு ரசாயனம் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம். இரண்டையும் கலந்து கட்டி அனுப்பினால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

இத்தனை பாடும் எதற்கு என்றால், அந்த நாருக்காகத்தான். பால் பெட்டிக்குப் பெரும்பாலும் புதிய மர நாரைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதில் ஊசியிலை மரங்களின் நீள நாருக்கு முக்கியப் பங்கு உண்டு. பழைய அட்டையில் இருப்பது ஏற்கனவே பலமுறை கரைந்து, உடைந்து, குட்டையான நார். அதோடு இந்த நீள நாரைக் கொஞ்சம் கலந்தால் காகிதத்தின் வலு கூடும். பால் பெட்டியிலிருந்து மீட்ட கூழ் மறுபடி பால் பெட்டியாக வருவது அரிது, உணவைத் தொடும் பொருளுக்கான விதிகள் கடுமையானவை. டிஷ்யூ காகிதம், நெளிவட்டை, உறை காகிதம் ஆகியவற்றுக்குத்தான் பெரும்பாலும் போகிறது.

பாலிஆலின் கதை அவ்வளவு சந்தோஷமானது இல்லை. அதை அப்படியே சூடாக்கி அழுத்தினால் பாலித்தீன் உருகி அலுமினியத் துணுக்குகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கூரைத் தகடும் பலகையும் அப்படித்தான் செய்கிறார்கள். உருக்கி மணியாக்கி, அச்சில் வார்க்கும் பொருட்களுக்கும் கொடுக்கலாம். இரண்டையும் முழுசாகப் பிரிக்க வேண்டுமானால் கரைப்பானோ அமிலமோ கடும் வெப்பமோ வேண்டும். முறைகள் இருக்கின்றன, செலவு அதிகம். பாலிஆலை வாங்க யாரும் பக்கத்தில் இல்லாத ஆலை அதை எரிக்கவோ புதைக்கவோதான் அனுப்பும். "100 சதவீதம் மறுசுழற்சி" என்று யாராவது சொன்னால், நாரைப் பற்றிச் சொல்கிறார்களா, படலத்தையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். எடையில் கால்வாசி அந்தப் படலம்தான்.

இனி உங்கள் பக்கத்து வேலை. பெட்டி காலியானதும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டிவிடுங்கள், சோப்பு தேவையில்லை. மிச்சப் பாலை விட்டால் கட்டுகளில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நாரையே தின்னும். அந்தப் பால் பல்ப்பர் தண்ணீரில் கலந்து நாற்றமும் வழவழப்பும் உண்டாக்கும், கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் பாரம். சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் போடாதீர்கள். வெட்டினால் சீக்கிரம் ஊறுமே என்று நினைப்பீர்கள், ஆனால் துண்டுகள் தரம் பிரிக்கும் இடத்திலேயே சல்லடை வழியே குப்பையில் விழுந்துவிடும். மூடியைச் சேகரிக்கும் இடத்தில் வேண்டாம் என்று சொல்லாதவரை திருகியே வைக்கலாம். அது தண்ணீரில் மிதக்கும், பாலிஆல் தண்ணீரைவிடச் சற்றே கனம், அதனால் ஆலையில் தொட்டியில் போட்டே பிரித்துவிட முடியும்.

தட்டையாக்குவதா வேண்டாமா என்பது சேகரிக்கும் முறையைப் பொறுத்தது. பால் பெட்டிகளை மட்டும் தனியாக வாங்கும் இடத்தில் தட்டையாக்கிக் கொடுங்கள், இடம் மிச்சம். பாட்டில், டப்பா, காகிதம் எல்லாம் ஒரே தொட்டியில் சேர்க்கும் இடமானால் உருவம் கலையாமலே போடுங்கள். பிரிக்கும் இயந்திரங்களில் தட்டையான பொருள் காகிதத்தின் பக்கம் போய்விடும், அப்படிப் போன பெட்டி நேராகச் சாதாரணப் பல்ப்பருக்குத்தான் வந்து சேரும்.